பறவை எச்சம்: கம்பியிலும் சுவரிலும் கொடித் துணியிலும் கறை விடாமல் எடுக்கும் முறை

மதுரையில் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே பழக்கமாகிவிடுபவர்கள் பால்காரர், தண்ணீர் வண்டிக்காரர், அப்புறம் புறா. முதல் இருவரும் கேட்டுக்கொண்டு வருவார்கள். புறா கேட்பதில்லை. பால்கனிக் கம்பியில் காலையில் வெள்ளை வெள்ளையாக எச்சம் கிடக்கும். துடைத்தால் தீற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் வழிந்து சுவரில் கோடு போடும், விட்டுவிட்டால் பெயிண்ட் மங்கிவிடும். கடையில் கேட்டால் ஆசிட் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். இந்த வேலையில் கெடுதல் அதிகம் செய்வது அந்த பாட்டில்தான். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

எச்சத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் கருமையாகவோ பச்சையாகவோ இருப்பது மலம். சுற்றிலும் வெள்ளைக் களியாக இருப்பது நமக்குச் சிறுநீர் எப்படியோ பறவைக்கு அப்படி. பறவைகள் கழிவைத் தண்ணீராக வெளியேற்றாமல் யூரிக் அமிலம் என்ற வெள்ளைப் பசையாக வெளியேற்றுகின்றன. இந்த யூரிக் அமிலம் தண்ணீரில் கரைவதே அபூர்வம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகைகூடக் கரையாது. வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எல்லாம் அமிலங்கள். அமிலத்தில் யூரிக் அமிலம் இன்னும் பிடிவாதமாக இருக்கும். எச்சம் கரையாது, அதன் அடியில் இருக்கும் இரும்பும் சிமெண்டும் மொசைக்கும்தான் கரையும். ஆசிட் ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு வந்தால் எச்சம் போகிறது என்று மகிழாதீர்கள். நுரைப்பது பெரும்பாலும் தரை.

வெள்ளைப் பகுதி கொஞ்சமாவது இளகுவது காரத்தில். சோப்பு, ஆப்பசோடா, சலவைச் சோடா என்று வீட்டிலேயே காரம் இருக்கிறது. அதுவும் எச்சத்தை முழுக்கக் கரைத்துவிடாது. உலர்ந்த எச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை ஊறவைத்து இளக்கும், வெள்ளைத் தூள் பிடி விட்டுக் கிளம்பும். ஆகவே எச்சம் எடுப்பது என்றால் ஊறவைத்து எடுப்பது. தேய்ப்பது கடைசி வழி.

தொடங்குவதற்கு முன்

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. தூளாகிப் பறந்து மூச்சில் போகும். அந்தத் தூளில் பூஞ்சைகளும் கிருமிகளும் இருக்கலாம். புறா எச்சத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வருவது மருத்துவர்கள் நன்கறிந்த நோய். கம்பியில் நாலைந்து இடத்தில் இருப்பதை எடுக்கச் சாதாரண முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போதும். ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் குவியலாகச் சேர்ந்திருந்தால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்து முழுக்க ஈரமாக்கிவிட்டு, தகட்டால் வழித்துப் பையில் கட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். குவியலுக்குள் கூடும் முட்டையும் இருந்தால் குஞ்சு பறக்கும்வரை, ஒன்றரை முதல் இரண்டு மாதம், அந்த மூலையை விட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த பலருக்கு இதில் உடன்பாடில்லை என்றாலும் நான் விட்டுவிடவே சொல்வேன்.

நேரம் முக்கியம். காலை வெயில் ஏறும் முன்னோ, கம்பியைத் தொட்டால் சுடாத அந்தி வேளையிலோ செய்யுங்கள். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் இரும்புக் கம்பியில் ஊற்றும் தண்ணீர் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும், சோப்பு அப்படியே காய்ந்து திட்டாகும்.

கலவை இது: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா, அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். கூடவே பழைய பருத்தி வேட்டித் துணி, மென்மையான ஸ்பாஞ்சு, காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று, இரண்டு வாளி. ஒரு வாளியில் கலவை, மற்றதில் அலசும் தண்ணீர். ஒரே வாளியில் துணியை முக்கி முக்கித் துடைத்தால் எச்சத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் சோப்பு சரியாக நுரைக்காது, காய்ந்தபின் வெள்ளைத் திட்டும் விடும். அந்தத் திட்டைப் பார்த்து எச்சம் போகவில்லை என்று மறுபடி தேய்ப்பவர்கள் உண்டு. கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிதண்ணீர் ஒரு குவளை எடுத்துக்கொண்டு, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். திட்டு ஏற்கெனவே விழுந்திருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது தண்ணீரின் உப்பு, கரையாவிட்டால் எச்சத்தின் மிச்சம். மொசைக், கடப்பா, மார்பிள் தரையில் இந்தச் சோதனை வேண்டாம்.

பால்கனிக் கம்பி

தல்லாகுளம் பக்கம் இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம். முன்பக்கக் கம்பி கறுப்பு இனாமல் அடித்த இரும்பு. நேர் மேலே கேபிள் ஒயர் போகிறது. ஒயரில் புறா உட்கார்ந்தால் கம்பியின் ஒரே இரண்டடி நீளத்தில் எச்சம் விழும். அவர்கள் வந்தபோது அந்த இரண்டடியில் புதியதும் பழையதும் அடுக்காக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி தயாராக நின்றார். “நாரை வையுங்கள் தம்பி, முதலில் அதைக் குளிப்பாட்டலாம்” என்றேன்.

புறா தானியம் தின்கிற பறவை. தின்றதை அரைக்கச் சிறு மணலையும் கல்லையும் விழுங்கும். அதில் கொஞ்சம் எச்சத்தோடு வெளியே வரும். உலர்ந்த எச்சத்தை நாரால் தேய்த்தால் அந்த மணலே உப்புத்தாள் ஆகிவிடும். எச்சம் போகும், பளபளப்பும் கூடவே போகும்.

வேட்டித் துணியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, கலவையில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, எச்சத்தின் மேல் கம்பியைச் சுற்றிக் கட்டினோம். கம்பியில் ஊற்றும் தண்ணீர் நிற்காது, கட்டிய துணி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புதிய எச்சத்துக்கு ஐந்து நிமிடம் போதும். காய்ந்ததற்குக் கால் மணி நேரம் ஆகும். இடையில் துணி உலர்ந்தால் மேலே மறுபடி கொஞ்சம் விட வேண்டும்.

ஊறியதா என்று துணியின் ஒரு முனையைத் தூக்கினால் தெரியும். சரியாக ஊறிய எச்சம் ஓரத்தில் நிறம் மங்கி, சுண்ணாம்புக் களிபோல் நெகிழ்ந்து, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். நடுவில் கட்டியாக இருந்தால் ஊறவில்லை, மூடிவிட்டு இன்னும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தல்லாகுளத்துக் கம்பியில் மேலடுக்கு முதல் கட்டிலேயே துணியோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பழைய அடுக்குக்கு இரண்டாம் முறை கட்ட வேண்டியிருந்தது. எடுக்கும்போது துணியின் சுத்தமான பகுதியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில் வழித்தெடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருப்பதை ஏடிஎம் அட்டையைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளலாம். கத்தி வேண்டாம், பிளேடு வேண்டவே வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி விடுங்கள். கலவையைக் கம்பியில் இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். காரம் எச்சத்தை இளக்குவதுபோல் இனாமலையும் மெல்ல மங்கச் செய்யும். இதனால்தான் இனாமலுக்குச் சலவைச் சோடா கூடாது, மென்மையான ஆப்பசோடா போதும் என்கிறேன்.

எல்லாம் எடுத்த பிறகும் கம்பியில் எச்சத்தின் வடிவிலேயே ஒரு நிழல் தெரியலாம். அது கறையா, காயமா? அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கறை இல்லை, பெயிண்டின் மேற்பரப்பே சொரசொரப்பாகிவிட்டது. தண்ணீர் அந்த நுண்குழிகளை நிரப்புவதால்தான் ஈரத்தில் பளபளக்கிறது. அதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பெரிதாகத்தான் ஆகும். ஈரத்திலும் நிறம் வேறாகத் தெரிந்தால் கறை இன்னும் இருக்கிறது, மறுபடி துணி கட்டலாம்.

தல்லாகுளத்தில் நனைத்துப் பார்த்தோம். ஐந்து இடங்களில் மூன்று சுத்தமாகிவிட்டன. ஒன்றில் பளபளப்பு போயிருந்தது. இன்னொன்றில் பெயிண்ட் உரிந்து துருவின் பழுப்பு எட்டிப் பார்த்தது. பளபளப்பு போன இடத்தில் கார் மெழுகு கொஞ்சம் தடவித் துடைத்தால் பார்வைக்கு ஓரளவு சரியாகும். துரு தெரிந்த இடத்தைச் சும்மா விட்டால் மழைக்காலத்தில் பக்கத்திலும் பெயிண்டின் அடியில் பரவும். அங்கே 320 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துத் துருவை எடுத்து, நன்றாக உலரவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, அதன்மேல் இனாமல் இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் இடையே ஓரிரவு காயவிட வேண்டும். நனைத்துத் தேய்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டாக இருக்கலாம் என்று எண்ணி, தூசு கிளம்பாமல் தேய்ப்பது நல்லது. வாடகை வீடு என்றால் இந்த இடத்தில் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

எவர்சில்வர் கம்பி என்றால் வேலை எளிது. சலவைச் சோடா லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்ட தண்ணீர்கூட ஆகும். ஆனால் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் அதில் புள்ளிப்புள்ளியாகக் குழி விழ வைக்கும். அலுமினியத்துக்கு நேர்மாறான எச்சரிக்கை: சலவைச் சோடா அதைக் கறுக்க வைக்கும், வெறும் சோப்புத் தண்ணீர் போதும். எந்தக் கம்பியாக இருந்தாலும் பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பால்கனியில் அது ஆபத்து.

சுவர்

வெளிச்சுவரில் எமல்ஷன் அடித்திருந்தால் கம்பியின் முறையே போதும். கட்டுவதற்குப் பதில் ஈரத்துணியைச் சுவரில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு விடலாம். ஒரே ஒரு வேறுபாடு. நீளமாக வழிந்திருந்தால் கீழிருந்து மேலாகக் கழுவிக்கொண்டு போங்கள். மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த சுவரில் வழிந்து பிடித்துக்கொள்ளும், அந்தக் கோடுகளை எடுப்பது எச்சத்தை எடுப்பதைவிடச் சிரமம்.

உங்கள் சுவர் எமல்ஷனா என்று தெரியாவிட்டால் மூலையில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அங்கே தேய்ப்பு கூடாது. ஈரத்துணியை ஒட்டி இரண்டு நிமிடம் மட்டும் வைத்து, அட்டையால் தூக்கி எடுத்துவிடுங்கள். மீதித் தடம் போகாது, போக வைக்கவும் முயலாதீர்கள். அடுத்த முறை வெள்ளை அடிக்கும்போது அது மறையும். சுண்ணாம்புச் சுவரில் வினிகர் பட்டால் சுவரே அரிக்கும்.

கொடியில் காயும் துணி

துணியில் எச்சம் விழுந்ததும் எல்லோரும் செய்வது கர்ச்சீப்பால் துடைப்பது. துடைத்தால் களி நூலுக்குள் இறங்கும். துணியை மடிக்காமல் கொடியிலிருந்து எடுத்து, கரண்டியின் முனையால் எச்சத்தை ஓரத்திலிருந்து வழித்து எடுங்கள். பிறகு துணியைப் புரட்டி, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை அடியுங்கள். கறை வந்த வழியே வெளியேற வேண்டும், மறுபக்கம் ஊடுருவக் கூடாது. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். வெந்நீரும் இஸ்திரியும் கறையை நூலோடு பிடிக்கவைத்துவிடும். காய்ந்துபோன எச்சம் என்றால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு இதையே செய்யலாம்.

வழித்தெடுத்த பின் மிச்சம் வெள்ளையாக இருந்தால், பருத்தித் துணிக்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக் கால் மணி நேரம் வைத்து, வழக்கமான சோப்பில் துவைத்தால் போய்விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் ஆகாது. அவற்றில் தலைக்குப் போடும் ஷாம்பு இரண்டு சொட்டு போதும். சுங்குடிச் சேலையில் கறை எடுப்பதற்கு முன் முந்தானையின் உள்மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஊறவைக்காமல், கறை பட்ட இடத்தை மட்டும் ஈரமாக்கி வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். முழுச் சேலையும் தொட்டியில் போனால் எச்சத்தோடு புள்ளிகளின் வெள்ளையும் போய்விடும்.

இதுவரை சொன்னது வெள்ளை எச்சம். ஆனி, ஆடி மாதங்களில் கொடிக்கு வருவது வேறு நிறம். நாவல் பழக் காலம் அது. பழமுதிர்சோலையில் ஔவைக்கு முருகன் சுட்ட பழம் கொடுத்ததாகச் சொல்லும் மரமும் நாவல்தான். அழகர்மலைப் பக்கம் மட்டுமன்றி ஊருக்குள்ளும் நாவல் மரங்கள் இருக்கின்றன. காகம், மைனா, குயில் எல்லாம் அதைத் தின்றுவிட்டு வந்து நம் கொடிக்கு மேல் உட்காரும். அந்த எச்சம் ஊதாக் கறை விடும்.

இங்கேதான் முறை தலைகீழாகிறது. நாவலின் ஊதாச் சாயம் காரத்தைக் கண்டால் நீலமாகவோ கருநீலமாகவோ மாறும், அமிலத்தைக் கண்டால் சிவக்கும். எனவே ஊதாக் கறை மீது சோப்பைத் தேய்த்தவுடன் அது நீலமாகி, “பெரிதாகிவிட்டதே” என்று பதறுவார்கள். நாவல் கறைக்கு முதலில் எலுமிச்சைதான். எச்சத்தைக் கரண்டியால் வழித்து, குளிர்ந்த தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, கறையின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். ஊதா இளஞ்சிவப்பாகி, அலசும்போது தண்ணீரில் இறங்கிப் போகும். இரண்டு முறை செய்து, நன்றாக அலசிய பிறகே சோப்பு. வண்ணத் துணியில் எலுமிச்சையையும் முதலில் ஓரத்தில் விட்டுப் பாருங்கள், சில சாயங்கள் அதற்கும் வெளுக்கும்.

வெள்ளை வேட்டியிலோ பள்ளிச் சட்டையிலோ லேசான நிழல் மிஞ்சினால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து, கறை மேல் மட்டும் தடவி, கால் மணி நேரத்தில் அலசிவிடுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டுமே இது. கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி வேண்டாம். வேப்பம்பழ எச்சத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. மஞ்சளும் பச்சையுமாகப் பயமுறுத்தும், கொட்டையும் கூடவே கிடக்கும். வழித்துவிட்டுச் சாதாரணமாகச் சோப்பில் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

துணியைச் சுத்தமாக்கி மறுபடி அதே கொடியில் போடும் முன் கொடியைப் பாருங்கள். நைலான் கயிறு என்றால் ஆப்பசோடாத் துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக்கொண்டு போனால் போதும். தேங்காய்க் கயிறோ பருத்திக் கயிறோ எச்சத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், அதைக் கழுவுவதைவிட மாற்றுவது மலிவு. மாற்றும்போது கேபிள் ஒயருக்கும் மரக்கிளைக்கும் நேர் கீழாகக் கட்டாமல் ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். கிளிப்புகளின் வாய்க்குள்ளும் ஒரு பழைய டூத் பிரஷ் விட்டுத் தேய்த்துவிடுங்கள், தோய்த்த துணியில் திரும்பத் திரும்ப வரும் சிறு சாம்பல் நிறத் தடங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.